கரும்பு மறைத்த டவர்

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டை நோக்கி நடந்த அம்சவள்ளிக்கு, தப்பான தெருவில் திரும்பிவிட்டோமோ என்றுதான் முதலில் தோன்றியது. வீடு அதே வீடுதான். சுண்ணாம்பு உரிந்த சுவரும், நீல நிற ஜன்னலும் அப்படியே இருந்தன. ஆனால் வீட்டுக்குக் கிழக்கே காலையில் ஆளுயரத்துக்கு மேல் நின்ற கரும்பைக் காணவில்லை. அந்த இடத்தில் வெறும் கட்டையும், மிதிபட்ட சோகை இலையும், அதற்கப்பால் அவள் ஐந்து மாதமாகப் பார்த்திராத வானமும் இருந்தன. வானத்தின் நடுவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு டவர் முழு உயரத்துக்கு நின்றது.

கையிலிருந்த டிபன் பையோடு அப்படியே நின்றுவிட்டாள். சேதராப்பட்டு மருந்துக் கம்பெனியில் மாத்திரைப் பட்டை அடுக்கும் வேலைக்காக விடியற்காலை நாலரைக்குக் கிளம்பியபோது இருட்டில் சரசரத்த கரும்பு, சாயங்காலம் நாலு மணிக்கு இல்லை. செலியமேட்டில் யாரும் பொங்கலுக்கு ஐந்து நாள் முன்னால் பன்னீர்க் கரும்பை வெட்டமாட்டார்கள். அதிலும் பெரியப்பா கண்ணையன் வெட்டவே மாட்டார். போகிக்கு முதல் நாள் வெட்டி, தோகையோடு கட்டுக் கட்டி, பாகூர் ரோட்டோரம் மூன்று நாள் தானே நின்று விற்பது அவருக்குத் திருவிழா. 'கண்ணையன் கரும்பு' என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அம்மா விஜயராணி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே கடலூர் வியாபாரி மினி லாரியோடு வந்ததையும், பெரியப்பாவே போன் போட்டு வரச் சொன்னதையும், மதியத்துக்குள் மொத்தமும் ஏறிவிட்டதையும் சொன்னாள். ஏன் என்று மகள் கேட்டதற்கு நிமிர்ந்து பார்த்தாள்.

"உனுக்குத்தான்டி. நீதான் அன்னைக்கி டவர மறைக்குதுன்னு அவராண்ட அழுதியே."

அம்சவள்ளி வெட்டிய கட்டைகளை மறுபடி திரும்பிப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. வெட்டுங்கள் என்று சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போட்டி பாதியில் நெட் அறுந்துபோன கோபத்தில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியப்பா வந்து இன்னாமா என்று கேட்டார். உங்க கரும்புதான் பெரியப்பா என் டவர மறைக்குது என்று பொங்கிவிட்டாள். அவர் கரும்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆறு நாள் கழித்து இப்படி ஒரு பதில் வரும் என்று யார் கண்டது.

இவள் டவருக்கு ஏன் அழவேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்சவள்ளிக்கு இருபத்து மூன்று வயது. ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் கம்ப்யூட்டர் சுடும் ஆட்டத்தில், வில்லியனூர் புகழேந்தி தலைமை தாங்கும் அணியில் அவள் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவள். ஓடுகிற மாத்திரைப் பட்டையில் உடைந்த ஒன்றைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பொறுக்குகிற கைக்கு அந்த வேலை ஒன்றும் பெரிதில்லை. மாநிலப் போட்டிக்குப் போக இன்னும் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. மறுநாள் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு. மற்ற பெண்களுக்குத் தையல் மிஷின் போல அவளுக்கு வாய்த்திருக்கும் ஒரே வித்தை இது என்று விஜயராணியே பக்கத்து வீட்டில் பெருமை பேசியிருக்கிறாள்.

மற்ற நால்வர் வீட்டுக்கும் கேபிள் வழியாக நெட் வருகிறது. செலியமேட்டில் அந்தக் கேபிள் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. இவளிடம் இருப்பது சிம் போட்ட ரவுட்டர், சின்ன சோற்றுப் பானை அளவில் ஒரு வெள்ளை டப்பா. செல்போனைப் போல அதுவும் டவரிலிருந்து நெட்டை வாங்கி, வீட்டுக்குள் பிரித்துக் கொடுக்கும். ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டிருந்தாள். வைஃபை கூட வேண்டாம் என்று. ஆனால் ஒயர் வீட்டுக்குள்தான். ரவுட்டருக்கும் டவருக்கும் நடுவே காற்றுதான், காற்றை யார் கட்டிப்போடுவது?

ஆட்டத்தில் எல்லாமே பிங்கில் இருக்கிறது. இவள் சுட்டது மும்பையில் இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம் அது. செலியமேட்டில் நல்ல வேளையில் நாற்பத்தைந்து, ஐம்பது மில்லி செகண்ட் வரும். ஏழு மணிக்கு மேல் ஊரே போனைக் கையில் எடுத்ததும் தொண்ணூறு, நூற்றிருபது என்று ஏறும். ஏறினாலும் ஒரே நிலையில் நின்றால் கை பழகிக்கொள்ளும். ஐம்பதிலிருந்து முந்நூறுக்குத் தாவி மறுபடி ஐம்பதுக்கு வந்தால்தான் ஆள் காலி. நீ ஓடி மறைந்ததாக நினைத்துக்கொண்டிருப்பாய், எதிராளி திரையில் நீ இன்னும் வெட்டவெளியில் நிற்பாய்.

ரவுட்டரைக் கிழக்கு ஜன்னலில் வைத்ததற்குக் காரணம் அந்தச் சிவப்பு வெள்ளைக் கம்பம்தான். சிம் போட்டுக்கொடுத்தவன் டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வையுங்கள் என்றான். டவர் எங்கே என்று தேடவேண்டியதே இல்லை, வாசலில் நின்றால் தெரிந்தது. வைத்த மாதம் கரும்பு முழங்கால் அளவு, அவளும் அப்போது அணியில் சேர்ந்திருக்கவில்லை. பிறகு அது வளர வளர ஜன்னலை மூடியது; ரவுட்டரில் சிக்னல் கோடு ஐந்திலிருந்து நான்காகி, மூன்றாகி, ஆடி கழிந்ததும் இரண்டில் நின்றது. ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் பலம் மைனஸ் நூற்றுப்பத்து என்று காட்டும். மைனஸுக்குப் பின்னால் எண் பெருகப் பெருக சிக்னல் நோஞ்சான். அன்றிலிருந்து பல் தேய்க்கும்போதுகூட கரும்பைத் திட்டிக்கொண்டே தேய்ப்பாள்.

இப்போது ஜன்னல் திறந்துகிடந்தது. டிபன் பையை வைத்துவிட்டு ரவுட்டரைப் பார்த்தாள். ஐந்து கோடும் எரிந்தன. மைனஸ் தொண்ணூறு. பெரியப்பாவை நினைத்துக் கண் கலங்கியது.

அந்தக் கண்ணீர் மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஏழு மணிக்கு அணியோடு ஒத்திகை ஆட்டம். முதல் சுற்றில் சந்துமுனையில் ஒருவன் தலையை நீட்டினான், குறி வைத்தாள், சுட்டாள், செத்தது அவள். திரையின் மூலையில் பிங் நானூற்றுப்பத்து. அடுத்த மூச்சில் ஐம்பத்திரண்டு. அடுத்து முந்நூற்றெண்பது. ஓடினால் பின்னால் இழுத்துவிட்டது. கதவைத் திறந்தால் திறந்த கதவு மறுபடி மூடிக்கொண்டது. நான்காவது சுற்றில் படம் அப்படியே உறைந்து, இரண்டு செகண்ட் கழித்து உயிர் வந்தபோது இவள் உயிர் போயிருந்தது.

ரவுட்டரைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து கோடும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. இரண்டு கோட்டில் விளையாடியவளுக்கு ஐந்து கோட்டில் ஆட முடியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இது பிள்ளையார் கோயிலையே இடித்துக் குரங்கு பிடித்த கதை. பெரியப்பாவின் பத்து மாத உழைப்பை வெட்டி லாரியில் ஏற்றியது இதற்காகவா?

புகழேந்தி கத்துகிறவன் இல்லை. அதுதான் இன்னும் பயம். ஆட்டம் முடிந்ததும் அவளை மட்டும் தனியாக லைனில் நிறுத்தி, வெளியூரிலிருந்து லீவுக்கு எல்லோரும் வந்திருக்கிறார்கள், நெட்டில் கூட்டமாக இருக்கலாம், ஆனால் இந்தத் தாவல் கூட்டத்தால் மட்டும் வருவதல்ல என்றான். மாற்று ஆளான மணிபாரதியைத் தயாராக இருக்கச் சொல்லியிருப்பதையும் மறைக்காமல் சொன்னான்.

"நாளைக்கி மூணு மணிக்குள்ள அரை மணி நேரம் பிங்க ஓட்டி எனுக்கு அனுப்பு. நூறத் தாண்டாம நின்னா நீ ஆடு. இல்லன்னா மணிபாரதி."

மறுநாள் காலை முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் பிங்கை ஓடவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கூட்டம் இல்லாத காலை வேளையிலும் அதே கதை. ஐம்பது, ஐம்பது, நாற்பத்தெட்டு என்று ஒழுங்காக வரும், திடீரென முந்நூற்றைம்பதுக்கு எகிறும், பிறகு எழுபதில் நிற்கும், மறுபடி எகிறும். ரவுட்டரை அணைத்துப் போட்டாள். ஜன்னலின் இடது மூலைக்கு நகர்த்தினாள், வலது மூலைக்கு நகர்த்தினாள், ஸ்டூல் மேல் ஏற்றினாள். அம்மா அக்காவோடு வீடியோ கால் பேசுவதால் இருக்குமோ என்று அதையும் நிறுத்தச் சொன்னாள். வீடியோ அனுப்பினால் பிங் ஏறும் என்பது உண்மைதான், ஆனால் இன்றைக்கு அம்மா போனை வைத்த பிறகும் எகிறல் நிற்கவில்லை.

போன மாதப் பிங்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று போனில் பழைய படங்களைத் தேடினாள். புகழேந்தி கேட்கும்போதெல்லாம் ரவுட்டர் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். தீபாவளிச் சமயத்தில் எடுத்த படம். இரண்டு கோடு, மைனஸ் நூற்றெட்டு, பிங் ஐம்பத்தொன்று. அதற்குக் கீழே செல் எண் 214 என்று ஒரு வரி. இவ்வளவு நாள் அந்த வரியை அவள் படித்ததே இல்லை, கோட்டைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். கார்த்திகைப் படத்தில் 214. மார்கழிப் படத்தில் 214. இப்போதைய பக்கத்தைத் திறந்தாள். செல் எண் 87.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 214 ஆனது. கம்ப்யூட்டரில் பிங் முந்நூற்று அறுபதுக்கு எகிறியது. பத்து செகண்ட் கழித்து 87. மறுபடி ஓர் எகிறல்.

செல் என்பது டவரின் ஒரு முகம்; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ரவுட்டர் இரண்டு டவருக்கு நடுவே மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் எகிறல். இரண்டும் ஒரே நேரத்தில் காதில் கத்தினால் எதைக் கேட்பது? ஒன்றின் பேச்சு மற்றதற்கு இரைச்சல். கோடு ஐந்தும் எரிவது பலத்தை மட்டும்தான் சொல்கிறது, தெளிவைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த இன்னோர் எண் தெளிவைச் சொன்னது: தீபாவளியில் பதினான்கு, இப்போது மூன்று.

சரி, 87 எந்த டவர், 214 எந்த டவர்? கரண்ட் போனால் ரவுட்டர் ஓட வாங்கி வைத்திருந்த சின்ன பேட்டரிப் பெட்டியை மாட்டி, ரவுட்டரைக் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தாள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிஷம் நின்று, போனில் எண்ணைப் பார்த்தாள். அறுத்த கரும்புக் கொல்லையில் நின்று சிவப்பு வெள்ளைக் கம்பத்துக்கு நேராகப் பிடித்தாள்: 87. நகர்ந்து பார்த்தாள்: 87. வீட்டுக்குப் பின்னால், மேற்கே, சமையல்கட்டுச் சுவர் ஓரமாகப் போனாள். எதிரே புளியமரமும், அடுத்தவர் மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரிந்தன. 214.

தொட்டியைத் தாண்டி, இரண்டு தெரு தள்ளி, மளிகைக்கடை மொட்டை மாடியில் ஒரு சாம்பல் கம்பம் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை யாரும் டவர் என்று சொல்லிக் கேட்டதில்லை. இந்தப் பக்கத்தில் சிக்னலுக்கும் டவர்தான் பேர், கம்பத்துக்கும் டவர்தான் பேர். டவர் இல்லை என்றால் போனில் கோடு இல்லை என்று அர்த்தம். டவர் தெரிகிறது என்றால் வானத்தில் கம்பம் தெரிகிறது என்று அர்த்தம். ஒரே பேர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்த டவர்தான் தன் டவர் என்று அவளும், அவள் பேச்சைக் கேட்டுப் பெரியப்பாவும் நம்பிவிட்டார்கள்.

ஆடியிலிருந்து பெரும்பாலான நாள் ரவுட்டர் தன் முதுகுப் பக்கமிருந்து, சமையல்கட்டைத் தாண்டி வந்த, எப்போதாவது அறுந்துபோகிற மெலிந்த சிக்னலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. கரும்பு கிழக்குக் கம்பத்தை அடைத்து நின்றது. தண்ணீரால் நிறைந்த அந்தத் தண்டும் தோகையும் சேர்ந்த பச்சைச் சுவரைத் தாண்டி அந்தச் சிக்னலால் வலுவாக வர முடியவில்லை. வராததால்தான் ரவுட்டர் தாவாமல் ஓரிடத்தில் கிடந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்ததோடு விட்டாளா? வெண்ணெயைக் காத்த பானையையும் உடைக்கவைத்துவிட்டாள். ரவுட்டரை இடுக்கியபடியே கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அறுத்த கட்டைகள் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தன. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது.

மணி ஒன்றரை. அழ நேரம் இல்லை. சமையல்கட்டின் மேற்கு ஜன்னலில் மசாலா டப்பாக்களை இறக்கிவிட்டு ரவுட்டரை வைத்தாள். ஒயர் எட்டவில்லை, டிவி பின்னால் சுருண்டுகிடந்த நீள ஒயரை எடுத்துக் கதவடியில் ஓட்டினாள். இப்போது 214 வந்தது. ஆனாலும் திறந்திருந்த கிழக்கு ஜன்னல் வழியாக, வீட்டை ஊடுருவி 87 எட்டிப் பார்த்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தாவல். ரவுட்டரில் ஒரே செல்லில் பூட்டிவைக்க வழியிருக்கிறதா என்று தேடினாள். கம்பெனிக்காரன் கொடுத்த டப்பாவில் அந்தப் பக்கமே இல்லை.

கரும்பு செய்த வேலையை இனி வேறு ஏதாவது செய்தாக வேண்டும். கண் நேராகப் பரணுக்குப் போனது. அம்மா சீர்வரிசைக்கு என்று எடுத்துவைத்திருந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளம். அதை இறக்கி, ரவுட்டருக்குக் கிழக்குப் பக்கமாக ஒரு சாண் தள்ளி, அடுப்பு மேடையில் அம்மிக்குழவியை அண்டக் கொடுத்து நிமிர்த்தி வைத்தாள். உலோகத் தட்டைத் தாண்டி சிக்னல் வராது. விஜயராணி சமையல்கட்டு வாசலில் நின்று, ரவுட்டருக்குப் பின்னால் சாமிக்கு வைப்பதுபோல் தாம்பாளம் நிற்பதைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

கோடு மூன்றுதான். செல் எண் 214. தெளிவு பதினாறு. பத்து நிமிஷம் பார்த்தாள், எண் மாறவில்லை. அரை மணி நேரம் பிங்கை ஓட்டினாள்: நாற்பத்தாறிலிருந்து எழுபது வரை, ஒரே ஒரு முறை எண்பத்தெட்டு. இரண்டே முக்காலுக்குப் புகழேந்திக்கு அனுப்பினாள். அவன் கட்டைவிரலை உயர்த்தும் படம் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பினான். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தபோதுதான் முந்தின நாள் மதியத்திலிருந்து தான் ஒன்றும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

ஐந்து மணி ஆட்டத்தைச் சுற்றுச் சுற்றாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பிங் அறுபதை ஒட்டியே நின்றது. ஆறு மணிக்கு மேல் மெல்ல எண்பது, தொண்ணூறு என்று ஏறியது, ஆனால் படியேறுவதுபோல் ஏறியது, தாவவில்லை. கையும் அதோடு பழகிக்கொண்டது. கடைசிச் சுற்றில் எதிரணியின் கடைசி ஆளை அவள்தான் வீழ்த்தினாள். காதில் புகழேந்தி முதல்முறையாகக் கத்தினான்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வாசலில் கண்ணையன் குரல் கேட்டது. தோளில் இரண்டே இரண்டு கரும்பு. வியாபாரிக்குக் கொடுக்காமல் இவள் வீட்டுப் பொங்கலுக்கு என்று ஒதுக்கி வைத்தவை. வருஷம்தோறும் ரோட்டோரம் நிற்கிறவர் இந்த வருஷம் நிற்கப்போவதில்லை. வேட்டியில் தூசிகூடப் படாது. அதை நினைக்கவே அம்சவள்ளிக்கு ஒரு மாதிரி இருந்தது.

"டவர் வந்துச்சாமா?"

"ஜெயிச்சிட்டோம் பெரியப்பா."

அவர் முகம் முழுக்கச் சிரித்தது. அறுத்த கொல்லையைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். விஜயராணி மகளுக்குக் கண்ணைக் காட்டினாள், ஒன்றும் சொல்லிவைக்காதே என்று. அம்சவள்ளியும் சொல்வதாக இல்லை. ஜெயித்தாயிற்று, மனுஷர் சந்தோஷமாக இருக்கிறார், கிடக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

"அப்ப வெட்னது நல்லதாப் போச்சு. அடுத்த வருசம் இங்க கரும்பே போடலமா. உளுந்து போட்டுக்கறன். உனுக்கு மறையாது."

அம்சவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷக் கரும்பு போனது போதாதென்று, கண்ணையன் கரும்பு என்ற பேரே போகப் பார்க்கிறது. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பாவம். அவரைச் சமையல்கட்டுக்கு அழைத்துப் போய்த் தாம்பாளத்தைக் காட்டினாள். எந்த டவர் தன் டவர், எந்த டவர் தன்னைக் கெடுத்தது, நடுவில் ஐந்து மாதம் நின்று தடுத்தது எது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கண்ணையன் தாம்பாளத்தையே பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து கட்டைகளைப் பார்த்தார். தோளில் கரும்பு இருப்பதே மறந்துபோனவர்போல் நின்றார். திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அஞ்சு மாசம் இன்னா திட்டு திட்ன நீ அத. அது உன் கட்சியா இருந்துருக்குதே."

தோளிலிருந்த இரண்டு கரும்பையும் இறக்கி, அவள் கையில் கொடுத்தார்.

"வாசல்ல கட்டாத. அந்தக் கெழக்கு ஜன்னல்ல கட்டு."

இரண்டு கரும்பு எந்த டவரையும் மறைக்காது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அம்மாவிடம் கயிறு வாங்கி, தோகை வெளியே பார்க்க, கம்பிக்கு ஒன்றாக இறுக்கிக் கட்டினாள்.